போன்ல வரிசை சரியா இருக்கு, லேப்டாப்ல மட்டும் பதில் மேல, கேள்வி கீழ: ஏன்?

தேன்சிட்டு
வணக்கம். ரெண்டு வாரமா மண்டை காயுது, அதான் இழை தொடங்கறேன். வேலை விஷயமா நாள் முழுக்க அரட்டைச் செயலியிலதான் இருப்பேன். போன்லயும் வெச்சிருக்கேன், லேப்டாப்ல பிரவுசர்லயும் திறந்து வெச்சிருக்கேன். பிரச்சினை லேப்டாப்ல மட்டும்தான்.

ஒரு ஆள்கிட்ட "கோப்பு அனுப்பட்டுமா?"ன்னு கேக்கறேன். அவர் "வேண்டாம், நாளைக்குப் பாக்கலாம்"ங்கறார். லேப்டாப்ல பார்த்தா "வேண்டாம்" மேல நிக்குது, என் கேள்வி அதுக்குக் கீழ. போனை எடுத்துப் பார்த்தா எல்லாம் ஒழுங்கு. நேத்து இதை நம்பி, அவர் இன்னும் பதில் சொல்லலைன்னு நெனச்சுக் கோப்பை அனுப்பிட்டேன். மனுஷன் கடுப்பாயிட்டார்.

இன்னொன்னு, காலைல லேப்டாப்பைத் திறந்தா ராத்திரி வந்ததெல்லாம் உடனே வராது. அஞ்சு நிமிஷம், ஆறு நிமிஷம் கழிச்சு மொத்தமா கொட்டும். இது ரெண்டும் ஒரே கோளாறா, வேறவேறயா? செயலி பேர் போடல, அது சண்டையில போய் முடியும்.

வேகத்தடை
ஒரே கோளாறுதான் சகோ. போன்ல பேட்டரி சேமிப்பு ஆன்ல இருக்கும். போன் தூங்கிடுச்சுன்னா லேப்டாப்புக்குச் செய்தி எப்படிப் போகும்? போன் செட்டிங்ஸ்ல அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்து விடுங்க. அப்படியும் சரியாகலைன்னா ரெண்டு பக்கமும் அழிச்சுட்டு மறுபடி நிறுவுங்க. எனக்கு மூணு தடவை இப்படித்தான் சரியாச்சு.

தேன்சிட்டு
பேட்டரி விஷயம் செஞ்சுட்டேன், மாற்றமில்ல. அழிச்சு நிறுவ பயமா இருக்கு, பழைய அரட்டை போயிடும்.

மொட்டைமாடி
பழைய அரட்டை போகாம இருக்க முதல்ல பேக்கப் எடுத்துடுங்க. நான் புதுப் போனுக்கு மாறினப்ப பேக்கப் எடுத்த ராத்திரிக்கும் மாறின மத்தியானத்துக்கும் நடுவுல வந்தது பூரா காணாமப் போச்சு. எவ்வளவு தேடியும் கிடைக்கல. யாருக்காவது அதை மீட்கத் தெரியுமா?

தேன்சிட்டு
என்னோடது புதுப் போன் பிரச்சினை இல்லீங்க. அதே போன், அதே லேப்டாப். ஒன்னும் தொலையல, இடம் மாறித்தான் நிக்குது.

சுருள்கம்பி
அழிச்சு நிறுவாதீங்கம்மா, கொஞ்சம் பொறுங்க. எனக்கு இது வேறவேற ரெண்டு கோளாறு மாதிரித் தெரியுது. தாமதமா வர்றது ஒன்னு, வரிசை மாறுறது ஒன்னு. ஒரே லேப்டாப்ல இருக்கறதால ஒரே நோய்னு தோணுது.

வேகத்தடை சொன்னது ஒரு காலத்துல முழு உண்மை. அப்ப லேப்டாப் திரை போனுக்கு ஒரு கண்ணாடி மாதிரி. செய்தி போனுக்கு வரும், போன்தான் லேப்டாப்புக்குக் காட்டும். போன் தூங்கினா கண்ணாடியும் இருட்டு. வாட்ஸ்அப் மாதிரி செயலிகளே 2021ல இருந்து அந்த முறையை விட்டுட்டாங்க. இப்ப உங்க லேப்டாப் ஒரு தனிக் கருவி. சர்வர்ல அதுக்குன்னு தனியா ஒரு வரிசை இருக்கும், உங்க போன் அணைஞ்சே கிடந்தாலும் செய்தி நேரா வரும். புதுசா இணைக்கறப்ப பழைய அரட்டைகளை எடுத்துக் கொடுக்கத்தான் போன் முழிச்சிருக்கணும். அதனால பேட்டரி சேமிப்பு உங்க ரெண்டு வாரத் தொல்லைக்குக் காரணமா இருக்க வாய்ப்பு குறைவு.

முதல்ல வரிசைக் கோளாறைப் பார்ப்போம். ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. வீட்டுல யாரையாவது அவங்க போனோட உக்கார வைங்க. நீங்க லேப்டாப்ல இருந்து "ஒன்னு"ன்னு அனுப்புங்க. ஒரு நிமிஷம் கழிச்சு அவங்க "ரெண்டு". அப்புறம் உங்க போன்ல இருந்து "மூணு". மறுபடி லேப்டாப்ல இருந்து "நாலு". மூணு நிமிஷம் இடைவெளி விட்டு அவங்க "அஞ்சு". அனுப்பின நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தையோ போனையோ பார்த்து ஒரு தாள்ல எழுதுங்க. லேப்டாப் மூலையில இருக்கற கடிகாரத்தை மட்டும் பார்க்காதீங்க. முடிச்சதும் லேப்டாப் திரையில என்ன வரிசையில, என்ன நேரத்தோட இருக்குன்னு அப்படியே இங்க போடுங்க. பக்கத்தைப் புதுப்பிக்காதீங்க, அதை அப்புறம் சொல்றேன்.

வேகத்தடை
போன் அணைஞ்சாலும் வரும்னா, நான் ஊர் சுத்தப் போனப்ப போன் ரொம்ப நாள் அணைஞ்சு கிடந்துச்சு, லேப்டாப்ல தானா வெளியேத்திடுச்சே?

சுருள்கம்பி
அது வேற கணக்கு. போனைக் கொஞ்ச நாள் தொடவே இல்லன்னா இணைச்ச கருவிகளைக் கழட்டி விட்டுடுவாங்க. வாட்ஸ்அப்ல அது 14 நாள். பாதுகாப்புக்காக வெச்ச விதி.

தேன்சிட்டு
சோதனை முடிஞ்சது. வீட்டுக்காரரைப் பக்கத்துல உக்கார வெச்சு, அவர் "இதுக்கா என்னைக் கூப்பிட்டே"ன்னு கேட்டாலும் பண்ணிட்டேன்.

தாள்ல எழுதினது: ஒன்னு 9:10 (லேப்டாப்), ரெண்டு 9:11 (அவர்), மூணு 9:12 (என் போன்), நாலு 9:13 (லேப்டாப்), அஞ்சு 9:16 (அவர்).

லேப்டாப் திரையில மேல இருந்து கீழ:

ரெண்டு 9:11
மூணு 9:12
ஒன்னு 9:14
அஞ்சு 9:16
நாலு 9:17

போன்ல ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சுன்னு ஒழுங்கா இருக்கு, நேரமும் தாள்ல இருக்கறதேதான்.

சுருள்கம்பி
அருமை, இதைவிடத் தெளிவா ஒரு சாட்சி கிடைக்காது. திரையில தப்பா நிக்கறது எதெல்லாம்னு பாருங்க. "ஒன்னு", "நாலு" ரெண்டு மட்டும்தான், ரெண்டுமே லேப்டாப்ல இருந்து போனது. ரெண்டும் ஒரே பக்கமா, சரியா நாலு நிமிஷம் கீழ தள்ளி நிக்குது. உங்க போன்ல இருந்து அனுப்பின "மூணு" நகரவே இல்ல.

நடக்கறது இதுதான். நீங்க அனுப்பு பொத்தானை அழுத்தினதும், சர்வர் பதில் வர்ற வரைக்கும் காத்திருக்காம, செயலி அந்தச் செய்தியை உடனே திரையில போட்டுடும். இல்லன்னா தட்டச்சு பண்ணினது எங்க போச்சுன்னு நமக்கே குழப்பமா இருக்கும். அப்படிப் போடறப்ப அதுக்கு ஒரு நேரம் வேணுமே, லேப்டாப் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கும். மத்தவங்ககிட்ட இருந்து வர்ற செய்திக்கு சர்வரோட நேரம் ஒட்டி வரும். ரெண்டு கடிகாரத்துல எழுதின நேரங்களை ஒரே பட்டியல்ல வரிசைப்படுத்தினா, கடிகாரம் முன்னால ஓடற பக்கத்துச் செய்தி கீழ இறங்கிடும்.

உங்க லேப்டாப் கடிகாரம் நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல முன்னால ஓடுது, பந்தயம் கட்டறேன். அதனாலதான் 9:10க்கு அனுப்பினது 9:14ன்னு நின்னுச்சு. பொறுமையா, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பேசற அரட்டையில இது தெரியவே தெரியாது. நாலு நிமிஷத்துக்குள்ள பதில் வந்தா மட்டும்தான் வரிசை புரளும். சுறுசுறுப்பா பேசற ஆள்கிட்ட மட்டும் உங்களுக்கு இப்படி ஆகுதான்னு யோசிச்சுப் பாருங்க.

இப்ப பக்கத்தைப் புதுப்பிங்க, F5.

தேன்சிட்டு
ஐயோ, ஆமா! அந்த ஆள் சட்டுசட்டுன்னு பதில் போடறவர். மத்தவங்ககிட்ட அவ்வளவா ஆனதில்ல. F5 அழுத்தினதும் எல்லாம் ஒழுங்காயிடுச்சு, நேரமும் மாறிடுச்சு! அதான் ஆபீஸ்ல ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டறப்பெல்லாம் சரியாவே இருந்துச்சு. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சுருள்கம்பி
ஆமாம்மா, மெக்கானிக்கிட்ட வண்டியைக் கொண்டு போனதும் சத்தம் நின்னுடுமே, அந்தக் கதைதான். சர்வர் உங்க செய்தியை வாங்கினதும் அதோட நேரத்தைத் திருப்பிச் சொல்லும். சில செயலிகள் அந்த நொடியே திரையில திருத்திக்கும். உங்களோடது மறுபடி ஏத்தறப்பதான் திருத்திக்குது போல.

விண்டோஸ்னா கட்டளைச் சாளரத்துல இதைக் கொடுங்க. இது எதையும் மாத்தாது, எவ்வளவு தள்ளி இருக்குன்னு மட்டும் சொல்லும்.

```
w32tm /stripchart /computer:time.windows.com /samples:3 /dataonly
```

தேன்சிட்டு
மூணு வரி வந்துச்சு, மூணுலயும் கடைசில கிட்டத்தட்ட ஒரே எண். ஒன்னை மட்டும் போடறேன்:

```
09:41:22, -247.8130412s
```

சுருள்கம்பி
கழித்தல் குறின்னா உங்க கடிகாரம் முன்னால இருக்கு. 247.8 விநாடி, அதாவது 4 நிமிஷம் 8 விநாடி. பந்தயத்துல ஜெயிச்சுட்டேன்.

இனி திருத்தணும். நிர்வாகி அனுமதியோட கட்டளைச் சாளரத்தைத் திறந்து `w32tm /resync` கொடுங்க. இல்லன்னா தேதி நேரம் அமைப்புல `Sync now`ன்னு ஒரு பொத்தான் இருக்கும், அதுவும் இதையேதான் செய்யும்.

சும்மா ஒரு கணக்கு. சாதாரண கடிகாரப் படிகம் பத்து லட்சத்துல இருபது பங்கு தப்பினா ஒரு நாளைக்கு 1.7 விநாடி. அந்தக் கணக்குல 248 விநாடி சேர ஏறக்குறைய அஞ்சு மாசம் ஆகும். அஞ்சு மாசமா உங்க லேப்டாப் நேரம் சரிபார்க்கவே இல்லையோ என்னவோ.

தேன்சிட்டு
`/resync` கொடுத்தா இப்படித் திட்டுது:

```
The service has not been started. (0x80070426)
```

அப்புறம் அஞ்சு மாசமெல்லாம் இல்லண்ணா. விசாரிச்சதுல பையன் ஒத்துக்கிட்டான். விளையாட்டுல தினம் ஒரு பரிசு தருவாங்களாம். அது சீக்கிரம் கிடைக்க, கடிகாரத்தை அடுத்த நாளுக்குத் தள்ளி வெச்சிருக்கான். அதுக்காகத் தானா நேரம் எடுக்கறதை அணைச்சிருக்கான். பரிசு வாங்கினதும் கையால பழைய நேரத்துக்கு மாத்தி வெச்சுட்டானாம், "கிட்டத்தட்ட". ரெண்டு வாரம் முன்னாடி.

சுருள்கம்பி
என் படிகக் கணக்கைக் குப்பையில போடுங்க :) பையன் புத்திசாலிதான். முதல்ல `net start w32time` கொடுங்க, அப்புறம் `w32tm /resync`. தேதி நேரம் அமைப்புல `Set time automatically` ஆன்ல இருக்கான்னும் பாருங்க. இல்லன்னா மறுபடி இதே நிலைதான். ஆபீஸ் கொடுத்த லேப்டாப்னா நேரம் அவங்க சர்வர்ல இருந்து வரும், அப்ப அவங்க ஆளைத்தான் கேக்கணும்.

ரெண்டுகெட்டான்
நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும், எனக்கும் இதே கதை. ஆனா நாலு நிமிஷம் இல்ல, பல மணி நேரம்! ஒரே லேப்டாப்ல விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் வெச்சிருக்கேன். லினக்ஸ்ல இருந்துட்டு விண்டோஸுக்கு வந்தா கொஞ்ச நேரம் நான் அனுப்பறது எல்லாம் அரட்டைக்கு நடுவுல எங்கயோ போய்ச் செருகிக்குது. அப்புறம் தானாச் சரியாயிடுது. நேர மண்டலம் தப்பா இருக்குமோன்னு ரெண்டு பக்கமும் பார்த்தேன், சரியாத்தான் இருக்கு.

சுருள்கம்பி
உங்களுக்கு எத்தனை மணி நேரம் தள்ளுதோ, அது உங்க மண்டலம் உலகப் பொது நேரத்துல இருந்து எத்தனை மணி நேரமோ அதேதான், பாருங்க. லேப்டாப் அணைஞ்சிருக்கறப்பவும் உள்ள ஒரு சின்னக் கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும். லினக்ஸ் அதுல உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் வந்து அதை உள்ளூர் நேரம்னு படிக்கும். ஒரே சுவர்க் கடிகாரத்தை ரெண்டு பேர் ரெண்டு விதமாப் படிக்கற மாதிரி. அப்புறம் விண்டோஸ் இணையத்துல நேரம் எடுத்ததும் சரியாயிடும், அதான் "கொஞ்ச நேரம்".

ரெண்டுல ஒருத்தரை மாத்துங்க. சுலபமானது லினக்ஸ் பக்கம்:

```
timedatectl set-local-rtc 1
```

இதைக் கொடுத்தா லினக்ஸே "இது நல்லதில்ல"ன்னு ஒரு எச்சரிக்கை காட்டும். அது பிடிக்கலைன்னா விண்டோஸ் ரெஜிஸ்ட்ரில `RealTimeIsUniversal`ன்னு ஒரு மதிப்பு வெச்சு அதைப் பொது நேரம் படிக்க வைக்கலாம். நான் அந்தப் பக்கம்தான்.

நேர மண்டலம்னு நீங்க சொன்னதால இதையும் சொல்லிடறேன், நிறைய பேர் தடுக்கி விழற இடம். மண்டலம் மட்டும் தப்பா இருந்தா வரிசை கெடாது. எல்லாச் செய்தியோட நேரமும் ஒரே அளவு தள்ளித் தெரியும், அவ்வளவுதான். உள்ளுக்குள்ள செயலி பொது நேரத்தை வெச்சுத்தான் வரிசைப்படுத்துது. ஆபத்து எங்கன்னா, மண்டலம் தப்பா இருக்கறதைக் கவனிக்காம, "மணி தப்பாக் காட்டுதே"ன்னு கடிகார முள்ளைக் கையால நகர்த்துவாங்க பாருங்க, அங்க. மூலையில மணி இப்ப சரியாத் தெரியும், உள்ளுக்குள்ள பொது நேரம் பல மணி நேரம் கெட்டுப் போயிருக்கும். பார்க்கறவங்களுக்குக் கடிகாரம் சரி, அரட்டை மட்டும் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒருதடவை நான் அரை நாள் செலவழிச்சேன்.

ரெண்டுகெட்டான்
மணிக்கணக்கு அப்படியே பொருந்துது. ரெஜிஸ்ட்ரி வழியைப் பண்ணிட்டேன். ரெண்டு தடவை மாறி மாறித் துவக்கிப் பார்த்தேன், நேரம் நகரல. நன்றி தல.

தேன்சிட்டு
எனக்கும் `/resync` ஆயிடுச்சு. திருப்பி அளந்ததுல ஒரு விநாடியிலும் குறைவு. வீட்டுக்காரரை மறுபடி உக்கார வெச்சு ஒன்னு ரெண்டு மூணு போட்டோம், F5 இல்லாமலே வரிசை சரி. காலைல லேட்டா வர்றது மட்டும் அப்படியே இருக்கு. இன்னிக்கும் ஆறு நிமிஷம்.

வேகத்தடை
அது தாவல் தூங்கறதுதான், இந்தத் தடவை நான் தப்பில்ல. பின்னால கிடக்கற தாவலை குரோம் அமுக்கி வைக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல மறைஞ்சு கிடந்தா நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் மூச்சு விட விடும். 88ம் பதிப்புல இருந்தே இப்படித்தான்.

சுருள்கம்பி
பாதி சரி தம்பி. அந்தக் கட்டுப்பாடு உண்மை. ஆனா அது அமுக்கறது பக்கத்துக்குள்ள ஓடற டைமர்களை மட்டும். வெளிய இருந்து செய்தி வந்தா, அதை நிமிஷக் கணக்கு பார்த்து நிறுத்தி வைக்காது, வந்ததும் உள்ள விடும். தேன்சிட்டு சொல்ற ஆறு நிமிஷமும் தாவல் கண்ணு முன்னாடி திறந்தே இருக்கு, மறைஞ்சு கிடக்கல. சரிதானேம்மா?

தேன்சிட்டு
ஆமா, திறந்ததும் அந்தத் தாவல்தான் முன்னாடி நிக்கும். வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன்.

சுருள்கம்பி
அந்த நேரத்துல "இணைப்பு இல்லை"ன்னு ஏதாவது எழுதிக் காட்டுதா? நீங்க ஏதாவது அனுப்பினா என்ன ஆகுது?

தேன்சிட்டு
ஒன்னும் காட்டாது, எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே இருக்கும். நீங்க கேட்டதும்தான் ஞாபகம் வருது. நேத்து பொறுமை போய் யாருக்கோ "காலை வணக்கம்" தட்டினேன். அது பக்கத்துல சின்னக் கடிகாரப் படம் போட்டு ஒரு பத்து இருபது விநாடி நின்னுச்சு, அப்புறம் தடதடன்னு எல்லாம் கொட்டிச்சு. தற்செயல்னு நெனச்சேன்.

சுருள்கம்பி
தற்செயல் இல்ல, நோயே அதுதான். செயலியும் சர்வரும் நடுவுல ஒரு இணைப்பைத் திறந்தே வெச்சிருப்பாங்க. நீங்க மூடியைச் சாத்தினதும் லேப்டாப் தூங்கிடும். ராத்திரி பூரா அந்த இணைப்புல ஒரு எழுத்தும் போகல, வரல. நடுவுல இருக்கற ரூட்டர் "இது செத்துப் போன இணைப்பு"ன்னு தன் குறிப்பேட்டுல இருந்து அடிச்சுடும். சர்வரும் கைவிட்டுடும். இதை யாரும் தூங்கற லேப்டாப்கிட்டச் சொல்ல மாட்டாங்க, சொல்லவும் முடியாது.

காலைல மூடி திறந்தா, செயலி கையில கயிறு இருக்கு, மறுமுனை அறுந்து கிடக்கு. கிணத்துல கயிறு அறுந்தது இழுத்துப் பார்த்தாத்தானே தெரியும்? சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னா வாளி வரும்னு நின்னுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். செய்தி வாங்கறது கயிறைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது. அனுப்பறதுதான் இழுக்கறது. நீங்க "காலை வணக்கம்" அனுப்பினதும் அதுக்கு மறுமுனையில இருந்து ஒப்புதல் வரல, சில தடவை திருப்பி அனுப்பிப் பார்த்துட்டுச் செயலி உண்மையைப் புரிஞ்சுக்கிட்டு புது இணைப்பு போட்டுச்சு. புது இணைப்பு வந்ததும் சர்வர் உங்க லேப்டாப்புக்குன்னு சேர்த்து வெச்சிருந்ததைப் பழசுல இருந்து புதுசுக்கு ஒன்னொன்னா இறக்கும். அப்ப அரட்டைப் பட்டியல் மேலயும் கீழயும் குதிக்கறது இதனாலதான். அது முடியற வரைக்கும் எதையும் நம்பிப் பதில் போடாதீங்க, கடைசிச் செய்தி கடைசியிலதான் வரும்.

அந்திமழை
இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று செயலியே அவ்வப்போது தட்டிப் பார்க்கலாமே? ஆறு நிமிடம் ஏன் சும்மா இருக்கிறது?

சுருள்கம்பி
தட்டிப் பார்க்கத்தான் செய்யும், எத்தனை நேரத்துக்கு ஒரு தடவைங்கறது அதை எழுதினவங்க முடிவு. அடிக்கடி தட்டினா பேட்டரி தின்னும், தட்டாம விட்டா இப்படி ஆகும். பிரவுசர்ல இன்னொரு சங்கடம். இப்படி இணைப்பைத் திறந்தே வெச்சிருக்கற வெப்சாக்கெட்ங்கற முறையில தட்டிப் பார்க்கவே தனியா ஒரு குறி இருக்கு, ஆனா பக்கத்துல ஓடற ஜாவாஸ்கிரிப்டுக்கு அதை அனுப்ப வழி கொடுக்கல. அவங்களா ஒரு வெற்றுச் செய்தியை அனுப்பித்தான் பார்க்கணும். வேகத்தடை சொன்ன டைமர் அமுக்கல் இந்த இடத்துல உதைக்கும், தாவல் பின்னால கிடந்தா தட்டறதும் தள்ளிப் போகும்.

தேன்சிட்டு, நாளைக்குக் காலைல அனுப்பாம, F5 அழுத்தாம, வைஃபையை அணைச்சு மூணு விநாடி கழிச்சுப் போடுங்க. பிரவுசர் "நெட் போச்சு, நெட் வந்துச்சு"ன்னு பக்கத்துக்குச் சொல்லும். ஒழுங்கா எழுதின செயலி அதைக் கேட்டதும் பழைய கயிறைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு கட்டும். உடனே கொட்டினா காரணம் உறுதி.

தேன்சிட்டு
நாலு நாள் பார்த்துட்டு எழுதறேன். மூணு நாள் வைஃபை அணைச்சுப் போட்டதும் ரெண்டு மூணு விநாடியில கொட்டிடுச்சு. நாலாவது நாள் அந்தத் தாவலை மத்தியானம் வரைக்கும் தொடல. போய்ச் சொடுக்கினா பக்கமே வெள்ளையா இருந்து முதல்ல இருந்து ஏறிச்சு. செய்தி வந்துச்சுன்னு காலைல இருந்து ஒரு சத்தமும் வரல. வைஃபை நல்லாத்தான் இருந்துச்சு.

வேகத்தடை
இது தாவல் தூங்கினது! இப்பவாவது ஒத்துக்குங்க!

சுருள்கம்பி
ஒத்துக்கறேன், இது உங்களோடதுதான் :) இது அமுக்கறது இல்ல, ஒரேயடியா தூக்கறது. ரொம்ப நேரம் தொடாத தாவலை நினைவகத்துல இருந்தே எடுத்துட்டு, பேரை மட்டும் மேல விட்டு வைக்கும். பக்கமே இல்லன்னா இணைப்பு எங்க இருக்கும்? சொடுக்கினதும் வெள்ளையா இருந்து முதல்ல இருந்து ஏறினா இதுதான் அடையாளம். கயிறு அறுந்தா பழைய அரட்டை திரையில அப்படியே இருக்கும், புதுசு மட்டும் வராது. இதுல பக்கமே மறுபடி ஏறும்.

`chrome://settings/performance` போனா `Always keep these sites active`ன்னு ஒரு பட்டியல் இருக்கும். உங்க அரட்டைத் தளத்தை அதுல சேர்த்துடுங்க. காலை நேரக் கயிறுக்கு அது உதவாது, மூடி திறந்ததும் ஒரு F5 போடறதுதான் சுருக்கமான வழி. தனிச் செயலியா நிறுவி வெச்சிருக்கறவங்க ஜன்னலை மூடிட்டுத் திறந்தா பத்தாது. மூலையில ஐகானா உயிரோடதான் இருக்கும், அதே அறுந்த கயிறோட. அங்கேயே போய் முழுசா வெளியேறித் திறக்கணும்.

மொட்டைமாடி
எனக்கு லேப்டாப்ல சில செய்திக்கு மட்டும் "Waiting for this message. This may take a while."னு வருது. அதுவும் இந்தக் கயிறா?

சுருள்கம்பி
இல்லீங்க, கயிறு நல்லா இருக்கறதாலதான் அந்த வரியே வருது. உறை வந்துடுச்சு, திறக்கற சாவி பொருந்தல. அனுப்பறவர் போன் உங்க ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாப் பூட்டி அனுப்பும். லேப்டாப்புக்கான பூட்டு ஏதோ காரணத்தால தப்பினா, லேப்டாப் "மறுபடி அனுப்பு"ன்னு அவர் போனைக் கேக்கும். அவர் நெட்டுக்கு வந்தாத்தான் தீரும், உங்க பக்கம் F5 போட்டுப் பிரயோஜனமில்ல. அவசரம்னா உங்க போன்ல பாருங்க, அங்க பெரும்பாலும் திறந்திருக்கும்.

மொட்டைமாடி
அவர் போனை அணைச்சுட்டுத்தான் தூங்குவார், சரியாப் போச்சு. அப்ப அந்தப் பேக்கப் விஷயம்...

வேகத்தடை
அதுக்குத் தனி இழை போடுங்க சாமி.

அந்திமழை
என்னுடையது கொஞ்சம் வேறு. அரட்டைக்குள்ளே போனால் செய்திகள் இரண்டு கருவியிலும் ஒரே வரிசையில், ஒரே நேரத்தோடு இருக்கின்றன. வெளியே உள்ள பட்டியலில்தான் வேறுபாடு. போனில் மேலே நிற்கும் மூன்று அரட்டைகள் லேப்டாப்பில் பத்துப் பதினைந்து வரி கீழே கிடக்கின்றன. கடிகாரம் அளந்து பார்த்தேன், சரி. F5 போட்டேன், மாறவில்லை.

சுருள்கம்பி
பட்டியலுக்கு அதன் சொந்தக் கணக்கு உண்டுங்க. கடைசிச் செய்தியோட நேரம் மட்டும் இல்ல, சில செயலிகள் பாதி தட்டி அனுப்பாம விட்ட வரைவையும் கணக்குல எடுத்து அந்த அரட்டையை மேல தூக்கும். அந்த வரைவு போன்லயே தங்கிட்டா லேப்டாப்புக்கு அது தெரியாது. அந்த மூணுல வரைவு ஏதாவது கிடக்கான்னு போன்ல பாருங்க. மேல குத்தி வெச்சிருக்கீங்களான்னும்.

அந்திமழை
பார்த்தேன். ஒன்றில் "சரி, நான்" என்று தொடங்கி நிறுத்திய வரைவு இருந்தது. அழித்ததும் போனிலும் அது கீழே இறங்கி, லேப்டாப்போடு ஒத்துப் போய்விட்டது. மற்ற இரண்டிலும் வரைவு இல்லை, குத்தி வைக்கவும் இல்லை.

சுருள்கம்பி
அந்த ரெண்டும் குழுவா, தனி ஆளா? யாராவது கடைசியா ஒரு எதிர்வினைக் குறி போட்டிருந்தாலோ, செய்தியை அழிச்சிருந்தாலோ போன் ஒரு மாதிரியும் லேப்டாப் ஒரு மாதிரியும் எடுத்துக்க வாய்ப்பு இருக்கு. உறுதியாச் சொல்ல மாட்டேன்.

அந்திமழை
ஒன்று குழு, ஒன்று தனி ஆள். குழுவில் நேற்று யாரோ ஒரு செய்தியை அழித்திருக்கிறார்கள், அதன் தடம் இரண்டு கருவியிலும் தெரிகிறது. தனி ஆளிடம் அப்படி எதுவும் இல்லை, கடைசிச் செய்தி போன வாரத்தது. வெளியேறி மறுபடி இணைத்தும் பார்த்துவிட்டேன். இரண்டும் போனில் மேலேயும் லேப்டாப்பில் கீழேயுமாகத்தான் இருக்கின்றன.